இ.எஸ்.ஐ. இருக்கும்போது தனியார் பாலிசி எதற்கு? ஓர் அரவை ஆலைத் தொழிலாளியை முன்வைத்து

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பகுதிகளில் நெல் அரவை ஆலைகளிலும் சிறு தொழிற்கூடங்களிலும் வேலை செய்பவர்கள், சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் ஆகும்போதே, தனியார் மருத்துவக் காப்பீடு எடுக்கச் சொல்லும் முகவர்களையும் சந்திக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே, இரண்டுக்கும் பணம் கட்டுவது வீண்தானே என்று ஒரு தரப்பினர் நினைக்கிறார்கள். இ.எஸ்.ஐ. மருத்துவமனை தூரத்தில் இருக்கிறது, அதனால் தனியார் பாலிசி மட்டும் போதும் என்று இன்னொரு தரப்பினர் நினைக்கிறார்கள். இரண்டு முடிவுகளுமே ஆபத்தானவை என்பது என் கருத்து. இரண்டும் இரு வேறு இழப்புகளை ஈடுகட்டுகின்றன. ஒன்று நின்றுபோகும் நேரத்தில் மற்றது கைகொடுக்க வேண்டுமானால், அதற்கான ஏற்பாட்டைச் சில ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

கீழே வரும் கணக்குகள் எல்லாம் ஒரே தொழிலாளியைப் பற்றியவை. விளக்கத்துக்காகக் கற்பனை செய்துகொண்ட அவர், தஞ்சாவூருக்கு வெளியே ஒரு புழுங்கல் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். நாள் கூலி 700 ரூபாய். மாதத்துக்கு 26 நாள் வேலை இருந்தால் 18,200 ரூபாய் வரும்.

## இ.எஸ்.ஐ. எதை ஈடுகட்டுகிறது?

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொடங்கப்பட்ட தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டம், 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் கீழ் தொடர்கிறது. பத்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் ஆலைக்கு இது கட்டாயம்; மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதற்குள் வருவார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு இந்த வரம்பு 25,000 ரூபாய். ஊதியத்தில் தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு, முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு. நம் தொழிலாளிக்கு மாதம் 137 ரூபாய் பிடிக்கப்படும். முதலாளி 592 ரூபாய் கட்டுவார். முதலாளியின் இந்தப் பங்கைத் தொழிலாளியின் கூலியில் கழிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. "உங்களுக்குத் தனியார் குழுக் காப்பீடு எடுத்துக் கொடுத்துவிட்டோம், இ.எஸ்.ஐ. வேண்டாம்" என்று முதலாளி தானாக முடிவு செய்யவும் முடியாது.

இந்தப் பணத்துக்கு இரண்டு வகையான பயன்கள் கிடைக்கின்றன. முதலாவது, தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் மருத்துவம். இதற்குத் தொகை வரம்பு இல்லை, வயதைப் பார்த்துப் பிரீமியம் ஏறுவதில்லை, ஏற்கெனவே இருந்த நோய் என்று எதுவும் விலக்கப்படுவதில்லை. சார்ந்து வாழும் பெற்றோரும் இதில் அடங்குவர். இரண்டாவது, வேலைக்குப் போக முடியாத நாள்களுக்கான ஊதிய ஈடு. சாதாரண நோய் என்றால் நாள் ஊதியத்தில் 70 விழுக்காடு வீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். நம் தொழிலாளிக்கு அது நாளொன்றுக்கு 490 ரூபாய். வேலையில் அடிபட்டால் 90 விழுக்காடு, அதாவது 630 ரூபாய். ஆலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருப்பது தெளிவானால், பணிக்காயமாகவே கருதப்படும். இருசக்கர வாகனத்தில் பத்து, பதினைந்து கிலோமீட்டர் போய்வரும் டெல்டாத் தொழிலாளிக்கு இது சின்ன விஷயம் அல்ல.

தனியார் மருத்துவ பாலிசியில் இந்த இரண்டாவது பகுதி கிடையாது. அது மருத்துவமனை பில்லை மட்டும், பாலிசித் தொகையின் எல்லைக்குள், பல நிபந்தனைகளோடு கொடுக்கும். அறுவை சிகிச்சைக்குப் பின் ஆறு வாரம் மூட்டை தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னால், அந்த ஆறு வார அடுப்புச் செலவுக்குத் தனியார் பாலிசியில் ஒரு ரூபாயும் இல்லை.

## 78 நாள் கணக்கு: டெல்டாவில் எங்கே இடிக்கிறது?

நோய்க்கால உதவித்தொகை கிடைக்க ஒரு நிபந்தனை உண்டு. அதைப் புரிந்துகொள்ள இரண்டு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்.

சந்தாக் காலம் என்பது ஆறு மாதம்: ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒன்று; அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை இன்னொன்று. அந்தச் சந்தாவுக்கான பலனைப் பெறும் ஆறு மாதம் பயன் காலம் எனப்படும். சந்தாக் காலம் முடிந்து மூன்று மாத இடைவெளி விட்டே அது தொடங்கும். ஏப்ரல்–செப்டம்பர் சந்தாவுக்கு அடுத்த ஜனவரி–ஜூன் பயன் காலம். அக்டோபர்–மார்ச் சந்தாவுக்கு ஜூலை–டிசம்பர் பயன் காலம். ஒரு சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டப்பட்டிருந்தால்தான், அதற்குரிய பயன் காலத்தில் நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும்.

ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடும் தொழிற்சாலையில் இது ஒரு சிக்கலே அல்ல. அரவை ஆலையில் வேலை அறுவடையைத் தொடர்ந்து வருகிறது. குறுவை அறுப்பு முடிந்து புரட்டாசி, ஐப்பசியில் நெல் வரத் தொடங்கி, சம்பா, தாளடி அறுவடையில் தை, மாசி, பங்குனி மாதங்களில் ஆலை இரவு பகலாக ஓடும். கோடையிலும் ஆடியிலும், இருப்பு நெல் இல்லாத சிறு ஆலையில், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் மூட்டை தூக்கக் கூப்பிடுவார்கள்.

நம் தொழிலாளி அக்டோபர் முதல் மார்ச் வரை 150 நாள் வேலை செய்தார் என்றும், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 64 நாள்தான் வேலை செய்தார் என்றும் வைத்துக்கொள்வோம். அந்த 64 நாளுக்கு உரிய பயன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. ஆகவே, சம்பா நெல் குவிந்து, அவர் நாள் தவறாமல் வேலைக்குப் போய், நாள் தவறாமல் சந்தாவும் கட்டிவரும் பிப்ரவரி மாதத்தில் நோயில் விழுந்தால், நோய்க்கால உதவித்தொகை கிடைக்காது. அப்போது கட்டும் சந்தாவின் பலன் ஜூலைக்குப் பிறகுதான். பலருக்கு "பணம் பிடித்தார்கள், ஆனால் ஒன்றும் கொடுக்கவில்லை" என்று தோன்றுவது இந்த இடத்தில்தான். இதில் யாரும் ஏமாற்றவில்லை. கோடையில் குறைந்த 14 நாள்தான் காரணம். அந்தப் பிப்ரவரியிலும் மருத்துவ உரிமை இருக்கும், ஏனென்றால் அப்போது அவருக்காகச் சந்தா கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. இழப்பது ஊதிய ஈட்டை மட்டுமே. பணிக்காயத்துக்கு இந்த 78 நாள் நிபந்தனையே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் அடிபட்டாலும் 90 விழுக்காடு உண்டு.

இந்தப் பள்ளத்தைத் தனியார் பாலிசியால் நிரப்ப முடியாது. அதை நிரப்பும் வழி, செப்டம்பர் முடிவதற்கு முன்பே நாள்களை எண்ணிப் பார்ப்பதுதான். அதற்கு மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. இரண்டு ஆலைகளில் மாறி மாறி வேலை செய்தால், இரண்டு இடத்து நாள்களும் ஒரே காப்பீட்டு எண்ணின் கீழ் சேர வேண்டும். புதிய ஆலையில் சேரும்போது பழைய பத்து இலக்க எண்ணைச் சொல்லாவிட்டால் புது எண் போட்டுவிடுவார்கள். ஓர் எண்ணில் 45 நாள், இன்னோர் எண்ணில் 40 நாள் என்று பிரிந்து, 85 நாள் வேலை செய்தவர் இரண்டு எண்களிலும் தகுதி இல்லாதவர் ஆகிவிடுவார். இரண்டு எண் இருப்பது தெரிந்தால், கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஒன்றாக்க வேண்டும்.

2. மேஸ்திரி அல்லது ஒப்பந்ததாரர் மூலம் வரும் சுமைப்பணியாளர்களுக்கும் சந்தா கட்டப்பட வேண்டும். ஒப்பந்ததாரர் கட்டாவிட்டால் ஆலை உரிமையாளரே அதற்குப் பொறுப்பு.

3. ஒரு மாதச் சந்தாவை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் முதலாளி செலுத்த வேண்டும். கட்டப்பட்ட நாள்கள் எத்தனை என்பதை esic.gov.in தளத்தில் காப்பீட்டு எண்ணைக் கொண்டு நுழைந்து தொழிலாளியே பார்க்கலாம். சம்பளத்தில் பிடித்தும் கட்டாத முதலாளி என்றால், தொழிலாளியின் உரிமை அதனால் அழிந்துவிடாது. திட்டத்தை நடத்தும் இ.எஸ்.ஐ. கழகம் பலனைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் வேலை செய்ததற்கு ஆதாரம் தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும். கூலிச் சீட்டையும், வங்கிக் கணக்கில் கூலி வரவானதைக் காட்டும் பக்கத்தையும் பத்திரப்படுத்துவது இதற்காகத்தான்.

இதே வட்டாரத்தில் இன்னொரு வேறுபாட்டையும் குறிப்பிட வேண்டும். சர்க்கரை உற்பத்தியை மட்டும் செய்யும் ஆலை, சட்டத்தின் வரையறைப்படி பருவகாலத் தொழிற்சாலை, அதற்கு இ.எஸ்.ஐ. பொருந்தாது. நெல் அரவை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே, "எங்கள் ஆலையும் சீசன் ஆலைதான்" என்று அரவை ஆலை உரிமையாளர் சொல்வது செல்லாது. சர்க்கரை ஆலைத் தொழிலாளிக்கோ இ.எஸ்.ஐ. என்ற அடித்தளமே இல்லாமல் போகலாம். இந்தக் கட்டுரையின் கணக்கு அவருக்குப் பொருந்தாது.

## ஒரே நோய், இரண்டு பாதை

மூட்டை தூக்குபவர்களிடம் அடிக்கடி வரும் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: குடலிறக்கம். நம் தொழிலாளிக்கு ஆகஸ்ட் மாதம் அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. முந்தைய அக்டோபர்–மார்ச்சில் 150 நாள் சந்தா இருப்பதால், ஜூலை–டிசம்பர் பயன் காலத்தில் அவருக்குத் தகுதி உண்டு. அவரிடம் மூன்று லட்சம் ரூபாய்க்கு ஒரு தனியார் பாலிசியும் இருக்கிறது.

இ.எஸ்.ஐ. பாதையில் அவர் முதலில் தன் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து திருச்சி இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கோ, தேவைக்கேற்ப ஒப்பந்தத்தில் உள்ள வேறு மருத்துவமனைக்கோ பரிந்துரைக் கடிதம் தருவார்கள். சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. மொத்தம் 42 நாள் ஓய்வு என்று சான்று கிடைத்தால், முதல் இரண்டு நாளைக் கழித்து 40 நாளுக்கு 490 வீதம் 19,600 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். வரிசையில் நிற்பது, தேதிக்குக் காத்திருப்பது, திருச்சிக்கும் ஊருக்கும் அலைவது ஆகியவை இந்தப் பாதையின் விலை. உடன் இருக்கும் மனைவியின் கூலியும் அந்த நாள்களில் போகும்.

தனியார் பாதையில், தஞ்சாவூரிலேயே கேஷ்லெஸ் வசதியுள்ள மருத்துவமனையில் சேரலாம். பில் 75,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்: நாலு நாள் அறை வாடகை 4,500 வீதம் 18,000, மருத்துவர், மயக்க மருத்துவர், அறுவை அரங்குக் கட்டணம் 36,000, மருந்து, குடலிறக்கத்தை அடைக்க வைக்கும் வலை, பரிசோதனை 21,000. பாலிசியில் அறை வாடகைக்கு நாளொன்றுக்கு ஒரு விழுக்காடு, அதாவது 3,000 ரூபாய் என்ற வரம்பு இருந்தால், அறைக்கு 12,000 மட்டும் கொடுப்பார்கள். அதோடு நிற்காது, அனுமதித்ததைவிட உயர்ந்த அறையில் தங்கியதால், மருத்துவர் கட்டணமும் அரங்குக் கட்டணமும் அதே மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்கப்பட்டு 24,000 ஆகும். மருந்து, வலை, பரிசோதனைக்கு இந்த வெட்டு பொருந்தாது என்பதால் 21,000 முழுதாக வரும். ஆக, நிறுவனம் கொடுப்பது 57,000, கைக்காசு 18,000. அறை மாறியதால் போனது வாடகை வித்தியாசமான 6,000 மட்டும்தான் என்று நினைத்திருந்தவருக்கு, டிஸ்சார்ஜ் அன்று மேலும் 12,000 கட்டச் சொல்லும்போதுதான் விஷயம் புரியும். சேர்வதற்கு முன் அறை வாடகை வரம்பைக் கேட்டு, 3,000 ரூபாய்க்குள் இருக்கும் அறையை எடுத்திருந்தால் இந்த 18,000 ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

இன்னொரு விஷயம் இதைவிடப் பெரியது. குடலிறக்கம், பித்தப்பைக் கல், கண்புரை போன்ற சில நோய்களுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் 24 மாதக் காத்திருப்புக் காலம் உண்டு. பாலிசி எடுத்து ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது என்றால், மேற்சொன்ன 57,000 ரூபாயில் ஒன்றுமே வராது. பாலிசி எடுக்கும் முன்பே இருந்த சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நோய்களுக்குக் காத்திருப்பு 36 மாதம் வரை போகலாம். 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 48 மாதத்திலிருந்து அதைக் குறைத்தது. இ.எஸ்.ஐ.யில் இந்தக் காத்திருப்பு எதுவும் இல்லை.

## இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு வாய்ப்பு இருக்கிறது. மருத்துவமனை பில்லைத் தனியார் பாலிசி கொடுக்க, ஓய்வு நாள்களுக்கான ஊதிய ஈட்டை இ.எஸ்.ஐ.யிடம் கேட்கலாம். இரண்டும் இரு வேறு இழப்புகள் என்பதால், ஒன்றைப் பெற்றது மற்றொன்றுக்குத் தடை ஆகாது. ஆனால் ஊதிய ஈட்டுக்கு இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று வேண்டும். தனியார் மருத்துவமனை எழுதித் தரும் ஓய்வுச் சீட்டு தானாகவே செல்லாது; அதை மாற்றுச் சான்றாக ஏற்பதா வேண்டாமா என்பது கழகத்தின் முடிவு. எனவே வரிசை முக்கியம்.

1. திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால், சேர்வதற்கு முன்பே மருந்தகத்துக்குப் போய் நோயைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வெளியில் சிகிச்சை பெறப்போவதையும் அங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

2. காப்பீட்டு நிறுவனத்துக்கும் முன்கூட்டியே தகவல் தர வேண்டும். திட்டமிட்ட சேர்க்கைக்கு 48 மணி நேரம் முன்பு, அவசரச் சேர்க்கைக்கு 24 மணி நேரத்துக்குள் என்று பெரும்பாலான பாலிசிகள் கேட்கின்றன.

3. டிஸ்சார்ஜ் ஆனதும், சிகிச்சைச் சுருக்கத்தின் நகலோடு மருந்தகத்துக்குப் போய், நடக்கக்கூடிய நிலையில் இருந்தால் நேரிலேயே காட்டி, ஓய்வு நாள்களுக்கான சான்றைக் கேட்க வேண்டும். நாலு வாரம் கழித்து மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவதுதான் வழக்கமாகப் பணம் போகும் வழி.

4. அசல் பில்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் போய்விடும். அவற்றைக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் நிறுவனம் தரும் தீர்வுக் கடிதத்தையும் அவற்றோடு சேர்த்து வைக்க வேண்டும்.

இந்த வரிசைப்படி நம் தொழிலாளி செய்து, சான்றும் ஏற்கப்பட்டால், 3,000 ரூபாய் அறையில் தங்கி, கையில் இருந்து பெரிதாகச் செலவழிக்காமல், 19,600 ரூபாய் ஊதிய ஈட்டையும் பெறுவார். அவர் இழப்பது கூலியில் மீதிப் பங்கும், தஞ்சாவூருக்குள் நடந்த போக்குவரத்துச் செலவும்தான்.

அதே சமயம், ஒரே பில்லை இரண்டு பக்கமும் கேட்க முடியாது. பாலிசி கொடுக்காமல் விட்ட 18,000 ரூபாயை இ.எஸ்.ஐ.யில் வாங்கிக்கொள்ளலாம் என்று முகவர்கள் சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். பரிந்துரை இல்லாமல் வெளியில் பார்த்த சிகிச்சைக்கு, அவசர நிலை என்று நிரூபித்தால் மட்டுமே கழகம் பணம் திருப்பித் தரும். அதுவும் அது ஏற்றுக்கொண்ட கட்டண விகிதத்துக்குள்தான். அறை மாறியதால் வந்த வெட்டு அவசர நிலை ஆகாது.

விபத்து பாலிசியின் கணக்கு வேறு. அது பில்லைப் பார்த்துக் கொடுப்பதில்லை. இறப்புக்கோ ஊனத்துக்கோ குறிப்பிட்ட தொகையைக் கொடுக்கும். ஆகவே, இ.எஸ்.ஐ. தரும் பணிக்காய உதவித்தொகையோடும் சார்ந்தோர் உதவித்தொகையோடும் கூடுதலாக அதுவும் கிடைக்கும். வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் கழித்து, விபத்து இறப்புக்கு இரண்டு லட்சம் தரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா இந்த வகையைச் சேர்ந்தது. பட்டை சுழலும் இயந்திரங்களுக்கும் கொதிகலனுக்கும் பக்கத்தில் நிற்பவர் முதலில் எடுக்க வேண்டியது இதுதான்.

## சூப்பர் டாப்-அப் என்னும் கண்ணி

பிரீமியம் குறைவு என்பதால் இ.எஸ்.ஐ. தொழிலாளிகளிடம் அதிகமாக விற்கப்படுவது சூப்பர் டாப்-அப் பாலிசி. "முதல் மூன்று லட்சத்தை இ.எஸ்.ஐ. பார்த்துக்கொள்ளும், அதற்கு மேல் இது கொடுக்கும்" என்பது விற்பனைப் பேச்சு. மூன்று லட்சம் என்பது அந்தப் பாலிசியின் கழிவுத் தொகை. அதாவது, ஓராண்டில் மருத்துவமனை பில்கள் அதைத் தாண்டிய பிறகுதான் பாலிசி கொடுக்கத் தொடங்கும்.

இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், நோயாளியின் கையில் பில்லே வராது. பில் இல்லாத சிகிச்சையைக் கொண்டு, "மூன்று லட்சம் தாண்டிவிட்டது" என்று டாப்-அப் நிறுவனத்திடம் காட்ட முடியாது. இன்னொரு பக்கம், ஐந்து லட்சம் பில் வரும் ஒரு சிகிச்சைக்குப் பரிந்துரை இல்லாமல் தனியார் மருத்துவமனைக்குப் போனால், முதல் மூன்று லட்சத்தை இ.எஸ்.ஐ. கொடுக்காது. தொழிலாளி அதைக் கைக்காசாகக் கட்டினால்தான் மீதி இரண்டு லட்சத்தை டாப்-அப் தரும். மாதம் 18,200 சம்பாதிப்பவரிடம் மூன்று லட்சம் எங்கிருந்து வரும்? ஆகவே இ.எஸ்.ஐ.யை அடித்தளமாக வைத்து டாப்-அப் மட்டும் எடுப்பது, நம்பியவரைத் தேவை வரும் நாளில் கைவிடும் ஏற்பாடு. முதல் ரூபாயிலிருந்து கொடுக்கும் சிறிய அடிப்படை பாலிசி ஒன்று இருந்த பிறகே டாப்-அப்பைப் பற்றி யோசிக்க வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையும் சிலர் இந்த இடத்தில் கணக்கில் சேர்க்கிறார்கள். அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 18,200 ரூபாய் பன்னிரண்டு மாதமும் வந்தால் ஆண்டுக்கு 2,18,400 ஆகிறது. நம் தொழிலாளி கோடையில் வேலை குறைந்த ஆண்டில்கூட அந்த வரம்புக்குள் வருவது கடினம்.

## பெரிய நோய் வந்தால்

புற்றுநோய், காசநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு போன்ற நீண்டகால நோய்களில், தனியார் பாலிசியை விட இ.எஸ்.ஐ. வலுவானது. மூன்று லட்ச ரூபாய் பாலிசி சில சுற்று சிகிச்சையில் தீர்ந்துவிடும். இ.எஸ்.ஐ.யில் தொகை வரம்பு இல்லை. பட்டியலில் உள்ள 34 நோய்களுக்கு நாள் ஊதியத்தில் 80 விழுக்காடு, நம் கணக்கில் 560 ரூபாய், நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவித்தொகையாகக் கிடைக்கும். இது முதலில் 124 நாள் வரை. பின்னர் இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கப்படலாம். இதற்கு இரண்டு ஆண்டு தொடர்ந்து இ.எஸ்.ஐ. வேலையில் இருந்திருக்க வேண்டும். முந்தைய நான்கு சந்தாக் காலங்களில் மொத்தம் 156 நாள் சந்தா இருக்க வேண்டும். கோடையில் 64 நாள், பருவத்தில் 150 நாள் என்று ஓடும் நம் தொழிலாளிக்கு இந்த 156 நாள் எளிதாகவே இருக்கும். இந்த நோய்களுக்குத் தூரத்தைக் காரணம் காட்டி இ.எஸ்.ஐ. பாதையை விடுவது தவறு. தனியார் பாலிசியை முதல் பரிசோதனைக்கும் அவசரச் சேர்க்கைக்கும் பயன்படுத்தி, நோய் உறுதியானதும் இ.எஸ்.ஐ. பரிந்துரைக்குள் வந்துவிடுவதே சரியான முறை.

## 21,000 ரூபாயைத் தாண்டும்போது

தனியார் பாலிசி உண்மையில் தேவைப்படுவது, தொழிலாளி இ.எஸ்.ஐ.க்கு வெளியே போகும் நாளுக்காகத்தான். நம் தொழிலாளி உடல் தளர்ந்து, இயந்திரம் ஓட்டும் வேலைக்கு மாறி, மாதம் 20,600 வாங்குகிறார் என்போம். நவம்பரில் அது 21,400 ஆகிறது. உடனே இ.எஸ்.ஐ. நிற்காது, அந்தச் சந்தாக் காலம் முடியும் மார்ச் 31 வரை பிடித்தம் தொடர வேண்டும். அந்த அக்டோபர்–மார்ச் சந்தாவுக்கு உரிய பயன் காலம் ஜூலை முதல் டிசம்பர் வரை என்பதால், மருத்துவ உரிமை அடுத்த டிசம்பர் 31 வரை நீளும். ஊதியம் கூடியதிலிருந்து ஏறக்குறைய பதின்மூன்று மாதம்.

இந்தப் பதின்மூன்று மாதத்தைத் தனியார் பாலிசியின் காத்திருப்புக் காலத்தோடு ஒப்பிட்டால் சிக்கல் தெரிந்துவிடும். நவம்பரில் பாலிசி எடுத்தாலும், குடலிறக்கம் போன்ற நோய்களுக்கு 24 மாதமும், ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோய்க்கு 36 மாதமும் ஆக வேண்டும். டிசம்பர் 31-க்குப் பிறகு ஏறக்குறைய ஓராண்டு, சில நோய்களுக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு, இரண்டு பக்கமும் காப்பு இல்லாத இடைவெளி விழும். கடைசி மாதம் வரை காத்திருந்து பாலிசி எடுத்தவருக்கு இந்த இடைவெளி இன்னும் நீளம்.

எனவே ஊதியம் 18,000 அல்லது 19,000-ஐத் தொடும்போதே, உடல் நலமாக இருக்கும்போதே, முதல் ரூபாயிலிருந்து கொடுக்கும் ஒரு சிறிய பாலிசியைத் தொடங்கிவிடுவது நல்லது. விண்ணப்பத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய அறுவை சிகிச்சை எதையும் மறைக்கக் கூடாது. பாலிசி தொடர்ந்து 60 மாதம் முடியும் வரை, மறைத்ததைக் காட்டிக் கிளைமை மறுக்க நிறுவனத்துக்கு இடம் உண்டு. பாலிசி கைக்கு வந்ததும் அறை வாடகை வரம்பு, காத்திருப்புப் பட்டியல், தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் கேஷ்லெஸ் தரும் மருத்துவமனைகள் ஆகிய மூன்றையும் படித்துப் பார்க்க வேண்டும். பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை என்பதால், பிரீமியத்துக்கு மேல் அந்த வரியைக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

பெற்றோரை இந்தப் பாலிசியில் சேர்ப்பதா என்று கேட்பார்கள். இ.எஸ்.ஐ. தொடரும் வரை, சார்ந்து வாழும் பெற்றோருக்கு அதிலேயே முழு மருத்துவமும் உண்டு. முதியோருக்கான தனியார் பிரீமியமோ ஒரு மாதக் கூலியைத் தாண்டிவிடக்கூடும். முதலில் தொழிலாளி, மனைவி, பிள்ளைகள் என்று தொடங்குவதே இந்த ஊதியத்துக்குத் தாங்கும். திருமணமான மகளும், படிப்பு முடித்த மகனும் இ.எஸ்.ஐ.க்கு வெளியே போய்விடுவார்கள். அவர்களுடைய பாலிசி தனியாகவே இருக்க வேண்டும்.

ஊதியம் கடைசி வரை 21,000-ஐத் தாண்டாமல், வயது முதிர்வால் ஓய்வு பெறுபவருக்கு வேறொரு வழி இருக்கிறது. குறைந்தது ஐந்து ஆண்டு இ.எஸ்.ஐ. வேலையில் இருந்தவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி, தனக்கும் தன் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். இதற்கு ஓய்வு பெறும் நாளில் முதலாளியிடம் உரிய சான்று வாங்கியிருக்க வேண்டும். ஆலை மூடிய பிறகோ கைமாறிய பிறகோ அந்தச் சான்றுக்காக அலைவது மிகக் கடினம்.